கிராமத்துப் பெண்களுக்கு பிபி பத்தி ஹெல்த் டாக்: டீச்சிங் பிளான் எழுதுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கம்யூனிட்டி போஸ்டிங் போற நர்சிங் பிள்ளைங்க வருஷா வருஷம் ஏறக்குறைய இதே கேள்விகளத்தான் கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு. பொதுவா பேசினா யாருக்கும் உதவாது, அதனால ஒரே ஒரு பிளான கையில வச்சுக்கிட்டு பேசுறேன்: விழுப்புரம் பக்கம் ஒரு மானாவாரி கிராமம், அங்கன்வாடி முன்னாடி வேப்பமரத்தடி, மகளிர் சுய உதவிக்குழு கூட்டத்துக்கு வர்ற 20 பெண்கள், சாயங்காலம் 4 மணி, 30 நிமிஷ டாக்.

டீச்சிங் பிளான்ல மொதல்ல எத எழுதணும்? டாபிக், குரூப், இடம், தேதின்னு மேல இருக்குற பெட்டியா?

அந்தப் பெட்டிய கடைசில கூட நிரப்பிக்கலாம். அதுக்குள்ள ‘குரூப்போட முன் அறிவு’ன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, எல்லாரும் அதுல ‘பெண்களுக்கு உயர் ரத்த அழுத்தம் பற்றி ஓரளவு தெரியும்’னு எழுதிட்டு போயிடுவாங்க, ஆனா பிளானே அந்த ஒரு வரியிலதான் ஆரம்பிக்குது. டாக்குக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர், அதான் விஎச்என் அக்காகிட்டயும், மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போற பெண் தன்னார்வலர்கிட்டயும் போய் உக்காந்து பேசுங்க. இந்தக் குழுவுல எத்தனை பேர் பிபி மாத்திரை எடுக்குறாங்க, யார் வாங்கி வச்சுட்டு போடாம இருக்காங்க, ஏன் போடலன்னு அவங்களுக்கு அத்துப்படி. 2021 ஆகஸ்ட்ல இந்தத் திட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து மாத்திரையே வீட்டுக்கு வந்துடுது, அதனால ‘ஆஸ்பத்திரி தூரம்’ங்குற பேச்சு பல ஊர்ல கொறஞ்சு போச்சு, இப்ப பிரச்சனை வேற இடத்துல இருக்கு.

நம்ம கேஸ்ல அப்படி விசாரிச்சதுல கெடச்சது இவ்ளோதான்னு வச்சுக்கங்க: வயசு 30லேர்ந்து 60 வர, பாதிப்பேருக்கு மேல நூறு நாள் வேலைக்கு போறவங்க, ஆறு பேர் ஏற்கெனவே மாத்திரையில, அதுல ரெண்டு பேர் ‘இப்ப நல்லாத்தான் இருக்கேன்’னு நிறுத்தினவங்க, தலை சுத்தினா மட்டும்தான் பிரஷர்னு நம்புறவங்க கிட்டத்தட்ட எல்லாரும், வாரத்துல மூணு நாலு நாள் கருவாடோ ஊறுகாயோ தொட்டுக்காம சோறு எறங்காத ஊர். முன் அறிவு வரியில இத அப்படியே எழுதுங்க.

ஸ்பெசிஃபிக் அப்ஜெக்டிவ் எழுதி குடுத்தா மேடம் திருப்பி திருப்பி குடுக்குறாங்க, என்ன தப்புன்னே புரியல.

‘அறிந்துகொள்வார்கள்’, ‘புரிந்துகொள்வார்கள்’, ‘விழிப்புணர்வு பெறுவார்கள்’னு எழுதியிருப்பீங்க. ஒருத்தங்க அறிஞ்சுக்கிட்டாங்களா இல்லையான்னு அங்க உக்காந்து எப்படி பாக்குறது? கண்ணால பாக்குற மாதிரி, காதால கேக்குற மாதிரி வினைச்சொல் வேணும்: சொல்வார்கள், கணக்குப் போடுவார்கள், எடுத்துக் காட்டுவார்கள், வேறுபடுத்துவார்கள். அதோட எழுதின உடனே பிளான் டேபிள்ல இருக்குற எவாலுவேஷன் காலத்துக்கு போய் அதே அப்ஜெக்டிவுக்கு ஒரு கேள்வி எழுதிப் பாருங்க, கேள்வி வரலன்னா அப்ஜெக்டிவ் சரியில்லன்னு அர்த்தம்.

நம்ம பிளானுக்கு மூணே மூணு போதும். ஒண்ணு, எந்த தொந்தரவும் இல்லாதவங்களுக்கும் பிபி பாக்கணும்ங்குறதுக்கு காரணத்த தங்களோட வார்த்தையில சொல்வாங்க. ரெண்டு, தன் வீட்டுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு போகுதுன்னு கணக்குப் போட்டு அதுல கொறைக்கிற ஒரு வழிய சொல்வாங்க. மூணு, பிபி நார்மலுக்கு வந்த பிறகும் மாத்திரைய ஏன் நிறுத்தக்கூடாதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு விளக்குற மாதிரி சொல்லிக் காட்டுவாங்க. சென்ட்ரல் அப்ஜெக்டிவ் இந்த மூணையும் சேத்த ஒரு வாக்கியம், அதுக்கு மண்டைய ஒடைக்க வேணாம்.

டெஃபினிஷன், டைப்ஸ், காரணங்கள், அறிகுறி, காம்ப்ளிகேஷன், மேனேஜ்மென்ட்னு புக்ல இருக்குற எல்லாம் வரணுமே, 30 நிமிஷத்துல எப்படி?

வராது, வரவும் வேணாம். பிரைமரி, செகண்டரின்னு ரெண்டு வகைய சொல்லி அந்தப் பெண்கள் வீட்டுக்கு போய் என்ன பண்ணப் போறாங்க? ஒவ்வொரு பாயிண்டுக்கும் ‘இது தெரிஞ்சா நாளைக்கு காலைல என்ன மாறும்’னு கேளுங்க, பதில் இல்லன்னா அடிச்சிடுங்க. மார்க்குக்காக எல்லாத்தையும் போட்டே ஆகணும்னு காலேஜ்ல சொன்னா, அது ஒங்களுக்கான தியரி நோட்ஸா பின்னாடி தனியா சொருகிடுங்க, டேபிளுக்குள்ள கொண்டு வராதீங்க.

நேரத்த இப்படி பிரிக்கலாம்: அறிமுகம் 4 நிமிஷம், பிபின்னா என்ன, ஏன் தெரியாமலே இருக்குதுன்னு 6, உப்பு 10, மாத்திரை 6, எவாலுவேஷன் 4. உப்புக்கு ஏன் இவ்ளோன்னா, அந்த வீட்டுல சமைக்கிறது அவங்கதான், மாத்திரை எடுக்காத 14 பேருக்கும் அது பொருந்தும், அதோட அது பேச்சுல முடியாது, செஞ்சு பாக்கணும்.

பிபின்னா என்னங்குற பகுதிக்கு ஒரே ஒரு உவமை போதும், போர் மோட்டார் தண்ணி பைப்புல எந்நேரமும் அதிக வேகத்துல அடிச்சா பைப்பு உள்ளுக்குள்ள பழுதாகிக்கிட்டே வரும், வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு உடனே விஷயத்துக்கு வந்துடுங்க: மூளை, இதயம், கிட்னி, கண்ணு. 140/90ங்குற எண்ண மட்டும் சொல்லுங்க. மேல இருக்குறது 140 அல்லது அதுக்கு மேல, இல்ல கீழ இருக்குறது 90 அல்லது அதுக்கு மேல, வேற வேற நாள்ல பாத்தும் அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட போகணும். சிஸ்டாலிக், டயஸ்டாலிக் எல்லாம் அங்க வேணாம்.

பிளான் இங்கிலீஷ்லயா தமிழ்லயா எழுதணும்?

டேபிள் தலைப்பு, அப்ஜெக்டிவ் எல்லாம் காலேஜ் கேக்குற மொழியில இருக்கட்டும். ஆனா கன்டென்ட் காலத்துல நீங்க வாயால சொல்லப்போற வாக்கியத்த அப்படியே பேச்சுத்தமிழ்ல எழுதுங்க. இங்கிலீஷ்ல எழுதி வச்சுட்டு அங்க போய் மனசுக்குள்ளயே மாத்தி பேசுற பிள்ளைங்க ‘குருதி நாளங்களின் சுவர்களில்’னு ஆரம்பிக்கும், முதல் வரிசைல இருக்குற பாட்டி அங்கயே முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு எழுந்து போயிடும்.

உப்பு பகுதிய எப்படி எழுதுறதுன்னு ஒரு ரோ முழுசா காட்டுங்களேன்.

நேரம்: 10 நிமிஷம். அப்ஜெக்டிவ்: மேல சொன்ன ரெண்டாவது. தேவையானது: மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுல நிறுத்துக் கட்டின 20 கிராம் உப்பு பொட்டலம் ஒண்ணு, ஒரு கிலோ உப்பு பாக்கெட், ரெண்டு எவர்சில்வர் தட்டு, முடிஞ்சா சின்ன தராசு.

டீச்சர் செய்யுறது: நாலு பேர் இருக்குற வீட்டுலேர்ந்து ஒரு அக்காவ கூப்பிட்டு, ‘காலைலேர்ந்து ராத்திரி வர சோறு, குழம்பு, பொரியல், இட்லி மாவு எல்லாத்துக்கும் சேத்து எவ்ளோ உப்பு அள்ளுவீங்களோ அத இந்தத் தட்டுல போடுங்கக்கா’ன்னு சொல்றது. அவங்க கையால அள்ளிப் போட்டதும் பக்கத்து தட்டுல 20 கிராம் பொட்டலத்த பிரிச்சுக் கொட்டுறது. ‘ஒரு ஆளுக்கு 5 கிராமுக்கு கீழதான் இருக்கணும், தலை தட்டின ஒரு டீஸ்பூன விட கொஞ்சம் கம்மி, நாலு பேருக்கு நாள் பூரா மொத்தமே இவ்ளோதான்’னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் பேசாம இருங்க, ரெண்டு தட்டையும் அவங்களே ஒப்பிட்டு பேச ஆரம்பிச்சுடுவாங்க. அள்ளிப் போட்ட அக்காவ கிண்டல் பண்ண விடாதீங்க, ‘எங்க வீட்டுலயும் இதான்’னு நீங்க முந்திக்கங்க.

பெண்கள் செய்யுறது: பாக்கெட் கணக்கு. ‘ஒங்க வீட்டுல ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும்?’ நாலு பேருக்கு ஒரு மாசம்னா 1000 கிராம 30 நாளுக்கு பிரிச்சா நாளுக்கு 33 கிராம், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல போகுது. இதே நாலு பேருக்கு ஆளுக்கு 5 கிராம்னா மாசத்துக்கு 600 கிராம்தான், அதாவது ஒரு பாக்கெட் ஒண்ணரை மாசத்துக்கு மேல வரணும். எழுதப் படிக்க தெரியாதவங்களுக்கும் ‘ஒரு மாசம் வர்றது ஒண்ணரை மாசம் வரணும்’ங்குறது நல்லா புரியும், கிராம் கணக்கு அவங்க ஞாபகத்துல வச்சுக்க வேணாம்.

இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு, பிளான்லயே குறிச்சுக்கங்க. உப்பு சமையலுக்கு மட்டும் போறதில்ல, மீன் கழுவ, ஊறுகாய் போட, மாட்டுக்கு தண்ணியில கலக்கன்னு போகும். கேட்டு கழிச்சுக்கணும். இன்னொரு பக்கம் கருவாடு, கடையில வாங்குற அப்பளம், ஊறுகாய், பிஸ்கட், மிக்சர்ல வர்ற உப்பு இந்தப் பாக்கெட்டுல சேராது, அது தனியா ஏறுது. அதனால இந்த எண் ஒரு தோராயம், ஆனா வீட்ட வீட்டோட ஒப்பிட போதும்.

முடிக்கும்போது ‘உப்ப கொறைங்க’ன்னு பொதுவா சொல்லாம ஒவ்வொருத்தரையும் ஒரு வழி தேர்ந்தெடுக்க சொல்லுங்க. சோறு வடிக்கிறப்ப உப்பு போடாம இருக்குறது, சாப்பிடுற இடத்துல உப்பு டப்பா வைக்காம இருக்குறது, கருவாட வாரத்துக்கு ஒரு நாளா கொறைச்சு நல்லா ஊற வச்சு கழுவி செய்யுறது, புளிப்பு காரத்துக்கு எலுமிச்சை, மிளகு, பூண்டு சேத்து உப்ப கொஞ்சம் கொஞ்சமா இறக்குறது. ஒரேயடியா பாதியா கொறைச்சா வீட்டுல ஆம்பளைங்க தட்ட தள்ளி வச்சிடுவாங்க, அந்தக் கோவம் சமைச்சவங்க மேலதான் வரும், அதனால ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்சம்னு சொல்லிக் குடுங்க. நாக்கு பழகிக்கும்.

‘வெயில்ல வேலை செய்யுறோம், வேர்வையில உப்பு போயிடுது, கொறைச்சா தெம்பு இருக்காது’ன்னு கேட்டா என்ன சொல்றது? கல்லுப்பு, இந்துப்பு நல்லதாமேன்னும் கேக்குறாங்க.

முதல் கேள்வி நியாயமான கேள்வி, அத மழுப்பாதீங்க. உப்பே வேணாம்னு யாரும் சொல்லல, நாலு பேருக்கு 20 கிராம்ங்குறதுல உடம்புக்கு வேண்டியது அடங்கிடும், வெயில் வேலையில மொதல்ல வேண்டியது தண்ணிதான்னு சொல்லுங்க. யாருக்காவது வேலையிடத்துல அடிக்கடி மயக்கமோ தசைப் பிடிப்போ வந்தா, மாத்திரை எடுத்துட்டு எழுந்திருக்கும்போது தலை கிறுகிறுன்னா, அவங்கள தனியா டாக்டர்கிட்ட அனுப்புங்க, மேடையிலயே தீர்ப்பு சொல்லாதீங்க.

கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு எல்லாத்துலயும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், பிபிக்கு பெரிய வித்தியாசம் இல்ல. அயோடின் சேக்காத உப்பு வாங்கினா அது ஒரு நஷ்டம் வேற. ‘லோ சோடியம்’னு விக்கிறதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் இருக்கும், கிட்னி கோளாறு இருக்குறவங்க, டெல்மிசார்டன், எனலாப்ரில் மாதிரி மாத்திரை எடுக்குறவங்க டாக்டர கேக்காம அத வாங்கக்கூடாது. பிளான்ல ‘எதிர்பார்க்கும் கேள்விகள்’னு ஒரு சின்ன பகுதி வச்சு இத எழுதிக்கங்க, ஆனா நீங்களா ஆரம்பிக்காதீங்க, நேரம் போயிடும்.

மாத்திரை பத்தி நாம பேசலாமா? அது டாக்டர் வேலை இல்லையா?

எந்த மாத்திரை, எவ்ளோங்குறது டாக்டர் வேலை. குடுத்த மாத்திரைய ஏன் போடாம இருக்காங்கன்னு பேசுறது நம்ம வேலை, அத விட்டுட்டா டாக்ல பாதி போச்சு. கிராமத்துல மாத்திரை நிக்கிறதுக்கு பெரும்பாலும் நாலு காரணம்தான் வரும். ‘செக் பண்ணா நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்கு’, இதுக்கு பதில், நார்மலா இருக்குறதே மாத்திரையாலதான், நிறுத்தினா திரும்ப ஏறும். ‘தினம் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்’, உண்மையில கட்டுப்படாத பிபிதான் கிட்னிய கெடுக்குது. ‘கால் வீங்குது’, அம்லோடிபின் எடுக்குற சிலருக்கு கணுக்கால் வீங்கும், அத சொன்னா டாக்டர் மாத்திக் குடுப்பாங்க, தானா நிறுத்தக்கூடாது. நாலாவது, விரதம். செவ்வாய், வெள்ளி ஒண்ணும் சாப்பிடலன்னு மாத்திரையையும் விடுறவங்க நெறைய. விரத நாள்ல எப்ப போடுறதுன்னு மாத்திரை குடுக்குறப்பவே கேட்டுக்க சொல்லுங்க.

இதோட ஒரு விஷயம் சேருங்க, புக்ல ஒரு வரியா இருக்கும் ஆனா இந்தக் குழுவுக்கு ரொம்ப முக்கியம். நடவு, களையெடுப்புன்னு குனிஞ்சு வேலை செஞ்சு இடுப்பு வலி, மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைய தினமும் போடுறவங்க இருப்பாங்க, அது பிபிய ஏத்தும், பிபி மாத்திரையோட வேலைய கெடுக்கும், கிட்னிக்கும் ஆகாது. ‘வலி மாத்திரை யாராவது எடுக்குறீங்களா?’ன்னு கேட்டா கை தூக்கமாட்டாங்க, ‘வேலை முடிஞ்சு வலி வந்தா என்ன பண்ணுவீங்க?’ன்னு கேளுங்க, தானா வரும்.

ஏவி எய்ட்ஸ்னு சார்ட் எத்தனை வரையணும்?

ஒண்ணு. அதுலயும் ‘140/90’ங்குற எண்ணும், மூளை, இதயம், கிட்னி, கண்ணு நாலு படமும் மட்டும், கடைசி வரிசையிலேர்ந்து தெரியுற அளவுக்கு. வேப்பமரத்தடியில காத்துல சார்ட் சுருண்டுக்கும், ஒருத்தர் ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு நிக்கணும், நாலஞ்சு சார்ட்னா அந்தப் பிள்ளைக்கு கை வலிதான் மிச்சம். மத்தபடி உப்பு பொட்டலம், கருவாடு, ஊறுகாய் பாட்டில், அப்பளக் கட்டு, காலி மாத்திரை அட்டை, இதுங்கதான் ஏவி எய்ட். பிரின்ட் நோட்டீஸ் குடுக்குறது ஒங்க இஷ்டம், அது பெரும்பாலும் பஜ்ஜி சுருட்டத்தான் போகும்னு நெனக்கிறேன்.

எவாலுவேஷன் காலத்துல என்ன எழுதுறது? ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டா எல்லாரும் ‘புரிஞ்சுது’ன்னு சொல்றாங்க.

கோரஸா வர்ற பதில் எதையும் காட்டாது. ஆள் பேர் சொல்லி ஒரு சூழ்நிலைய குடுங்க. ‘ஒங்க மாமியாருக்கு மூணு மாசமா மாத்திரை, இப்ப பாத்தா 130/80, மாத்திரைய நிறுத்திடுறேன்ங்குறாங்க, நீங்க என்ன சொல்வீங்க?’ ‘ஒங்க தங்கச்சிக்கு 35 வயசு, ஒரு தொந்தரவும் இல்ல, எதுக்கு பிபி பாக்கணும்னு கேக்குறா, என்ன சொல்வீங்க?’ ‘அஞ்சு பேர் வீட்டுல ஒரு பாக்கெட் உப்பு 20 நாள்ல தீருது, சரியா, ஜாஸ்தியா?’ கடைசி கேள்விக்கு நாளுக்கு 50 கிராம், ஆளுக்கு 10, ரெண்டு மடங்கு. கிராம் சொல்ல முடியாட்டியும் ‘ஜாஸ்தி, 40 நாள் வரணும்’னு சொன்னா போதும், அப்ஜெக்டிவ் நிறைவேறிடுச்சு.

நல்லா பேசுற ஒரே அக்காவையே கேக்காதீங்க, பின்னாடி உக்காந்து பேசாம இருந்த ரெண்டு பேரையும், மாத்திரைய நிறுத்தினவங்கள்ல ஒருத்தரையும் கேளுங்க, ஆனா அவங்க நிறுத்தின விஷயத்த எல்லார் முன்னாடியும் போட்டு ஒடைக்காதீங்க. பதில் தப்பா வந்தா அந்தப் பகுதிய வேற உதாரணம் வச்சு திரும்ப சொல்லணும், அதுக்காகத்தான் 4 நிமிஷம். அப்புறம் ஒரு மாசம் கழிச்சு தன்னார்வலர் போறப்ப ‘உப்பு பாக்கெட் என்னைக்கு பிரிச்சீங்க’ன்னு கேக்க சொல்லி ஃபாலோ அப் வரில எழுதுங்க.

பிபி செக் பண்றத டாக்குக்கு முன்னாடி வைக்கணுமா பின்னாடியா?

பின்னாடி. முன்னாடி வச்சா பாத்ததும் பாதிப்பேர் கெளம்பிடுவாங்க, அதிகமா இருந்தவங்க பயத்துல நீங்க பேசுறது எதுவும் காதுல வாங்கமாட்டாங்க. பின்னாடி வைக்கிறதுல இன்னொரு லாபம், அரை மணி நேரம் உக்காந்தே இருந்திருப்பாங்க, வேலையிலேர்ந்து நடந்து வந்த படபடப்பு அடங்கியிருக்கும். காபி, டீய செக் முடிஞ்ச பிறகு குடுக்க சொல்லுங்க, மொதல்லயே குடிச்சா அரை மணி நேரம் காத்திருக்கணும்.

தரையில உக்கார வச்சு பாக்காதீங்க, அங்கன்வாடியில நாற்காலி இருக்கும், முதுகு சாஞ்சு, கால் தரையில படிஞ்சு, கை நெஞ்சு மட்டத்துல மேசை மேல இருக்கணும், பாக்கும்போது அவங்களும் பேசக்கூடாது நீங்களும் பேசக்கூடாது. ஜாக்கெட் கைய மேல சுருட்டி விட்டா அது இறுக்கி கையையே கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும், ரீடிங் தப்பா வரும். அதனால உள் ரூம்ல, கதவ சாத்திட்டு, கைய ஜாக்கெட்டுலேர்ந்து எடுத்துட்டு பாருங்க. இத பிளான்லயே ‘தனி அறை தேவை’ன்னு எழுதினாதான் அங்கன்வாடி டீச்சர்கிட்ட முன்னாடியே சாவி கேக்க தோணும். எண்ண சத்தமா சொல்லாதீங்க, ஊரெல்லாம் பரவிடும்.

ஆளுங்க லேட்டா வந்து 15 நிமிஷம்தான் கெடச்சா?

உப்பு 8, மாத்திரை 4, ரெண்டு கேள்வி 3. பிபின்னா என்னங்குற பகுதிய விட்டுடுங்க, செக் பண்ணும்போது ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘தலை சுத்தாட்டியும் இருக்கலாம்கா’ன்னு சொல்லிக்கலாம். எத வெட்டுறதுன்னு பிளான்லயே பென்சில்ல குறிச்சு வச்சா அங்க போய் தடுமாற வேணாம்.

செக் பண்றப்ப யாருக்காவது ரொம்ப அதிகமா வந்துட்டா? கர்ப்பிணி இருந்தா?

அதிகமா வந்தா உடனே நம்பிடாதீங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷம் விட்டு திரும்ப பாருங்க, கஃப் கைக்கு சரியான சைஸான்னும் பாருங்க. 140/90 அல்லது அதுக்கு மேலன்னா பேர் எழுதி விஎச்என்கிட்ட குடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பணும். 180/110ஐ தொட்டா அன்னைக்கே டாக்டர பாக்கணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு விடக்கூடாது. அதோட நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் தொங்குறது, பேச்சு குழறுறதுன்னு ஏதாவது இருந்தா நேரா 108.

கர்ப்பிணிக்கு கணக்கே வேற. அவங்களுக்கு 140/90 வந்தாலே அன்னைக்கே அனுப்பணும், தலைவலி, கண்ணு மங்கல், மேல் வயித்து வலி, மூஞ்சி வீக்கம் சேந்து இருந்தா 108 கூப்பிடணும். இவங்கள ‘உப்ப கொறைங்கம்மா சரியாயிடும்’னு வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. ஏற்கெனவே பிபி மாத்திரை எடுத்துட்டு இருக்குறப்ப கரு தங்கியிருந்தா, டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை மாத்திரைங்க குழந்தைக்கு ஆகாது, டாக்டர் ஒடனே மாத்திக் குடுக்கணும், அதனால மாத்திரை அட்டையையும் தாய் சேய் நல அட்டையையும் கையோட எடுத்துட்டு போக சொல்லுங்க. பிளான் கடைசில இந்த எண்களையும் அந்த ஊர் விஎச்என் போன் நம்பரையும் ஒரு மூலையில எழுதி வச்சிடுங்க.